சாய்ந்த நகம்

பந்து பட்டு விரல் வீங்கியதற்கெல்லாம் பதறுகிறவர்கள் வாலிபால் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது கோச்சம்மாவின் கட்சி. இருபத்திரண்டு வருடமாகப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவள் கண் முன்னால் வீங்கிய விரல்களை வரிசையாக அடுக்கினால் ஒரு தெரு நீளம் வரும். அதில் பத்துக்கு ஒன்பது வெறும் சுளுக்குத்தான். பந்து விரல் நுனியில் நேராக மோதும், நடு மூட்டு உள்வாங்கிக்கொள்ளும், அரை மணி நேரத்தில் கொழுகொழுவென்று ஊதிப்போகும். ஐஸ் தண்ணீரில் கையை வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

அந்தப் பத்தாவது விரல் எது என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதில் கோச்சம்மா கெட்டிக்காரி, பொய் சொல்லக் கூடாது. விரலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிடும் கூட்டத்தை அவளுக்கு அறவே பிடிக்காது. இழுக்க வந்த ஒருவரின் கையை ஒருமுறை தட்டியே விட்டிருக்கிறாள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்பாள். மூட்டில் வலித்தால் சரி. மூட்டை விட்டுத் தள்ளி, எலும்பின் மேல் ஒரே இடத்தில் தொட்டதும் உயிர் போனால் சரியில்லை. மரத்துப்போயிருக்கிறதா என்று பார்ப்பாள். கடைசியில் கையை மெதுவாக மடக்கச் சொல்லி நகங்களைப் பார்ப்பாள். மடக்கும்போது நாலு விரலும் ஒன்றுக்கொன்று இடிக்காமல், கட்டைவிரலின் அடிப்பக்கத்தை நோக்கி ஒழுங்காக இறங்க வேண்டும். ஒரு நகம் மட்டும் தலையைச் சாய்த்து அடுத்த விரலுக்குள் எட்டிப்பார்த்தால் எலும்பு உடைந்து திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கட்டு கிட்டு எதுவும் கிடையாது, நேராக எக்ஸ்ரேதான்.

"விரல் அசையுது கோச், உடைஞ்சிருக்காது" என்று யாராவது சொன்னால் கோச்சம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உடைந்த விரலும் அசையும் என்று அணியில் இருக்கிற பன்னிரண்டு பேருக்கும் அவள் பாடம் எடுத்திருக்கிறாள். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கும் சொல்ல மனசு வரவில்லை.

அணியின் செட்டர் கோச்சம்மாவின் மகள். இருபது வயது. பந்தை அவள் தூக்கிக் கொடுக்கும்போது சத்தமே வராது என்பதால் எல்லோரும் பஞ்சு என்று கூப்பிடுவார்கள். வாலிபால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: எதிரணிப் பந்தை ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், அதைப் பத்து விரலாலும் வாங்கி, அடிக்கிறவளுக்கு வாகாக மேலே அனுப்புகிறவள் செட்டர். ஒரு விரல் முந்தினாலும் பிந்தினாலும் பந்து சுழலும், இரண்டு தடவை தொட்டதாக நடுவர் விசில் அடிப்பார். அடிக்கிறவளுக்குக் கைதட்டு கிடைக்கும். செட்டருக்கு அவளுடைய விரல்கள்தான் எல்லாம்.

மகள் அணிக்குள் வந்த மூன்று வருடத்தில் கோச்சம்மா அவளுக்கு ஒரு சலுகை காட்டியதில்லை. முதல் வருடமே, தேர்வாகாமல் போன பெண் ஒருத்தியின் அம்மா, "அம்மாவே கோச்சா இருந்தா எல்லாம் தானா கிடைக்கும்" என்று வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தையைக் கோச்சம்மா இன்றுவரை முழுங்கவில்லை. அதற்காக மகளைப் போட்டுப் படுத்தினாள். மற்றவர்கள் பத்துச் சுற்று ஓடினால் பஞ்சு பன்னிரண்டு. தண்ணீர் குடிக்கக் கடைசியில்தான் போக வேண்டும். தாமதமாக வந்தால் மற்றவர்களுக்கு முறைப்பு, பஞ்சுவுக்குத் திட்டு. அந்தப் பெண்ணும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. நானாக இருந்தால் எப்போதோ கேரம் போர்டு விளையாடப் போயிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மாலை, நகராட்சி நீச்சல்குளத்துக்குப் பின்னால் இருக்கும் உள்ளரங்கத்தில் பயிற்சி. வெள்ளிக்கிழமை போட்டி தொடங்குகிறது. கேப்டன் வலைக்கு அந்தப் பக்கம் எழும்பி ஓங்கி அடித்தாள், பஞ்சு இந்தப் பக்கம் கையைத் தூக்கித் தடுத்தாள். பந்து வலது கை மோதிர விரலின் நுனியில் மோதியது. பஞ்சு கத்தவில்லை. கையைத் தொடைகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

"என்ன, ஜாமா?" என்று கேட்டபடி கோச்சம்மா வந்தாள். விரல் சுளுக்குக்கு அணியில் ஜாம் என்றுதான் பெயர்.

"ஆமா கோச்" என்றாள் பஞ்சு. மைதானத்தில் அம்மா கிடையாது, அதுவும் கோச்சம்மா போட்ட சட்டம்தான்.

ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் கையை வைக்கச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது விரல் இரண்டு விரல் பருமனுக்கு ஊதியிருந்தது. நடு மூட்டை அழுத்தினாள். பஞ்சு முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். மூட்டுக்குக் கீழே, உள்ளங்கைப் பக்கமாக இருக்கும் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்தாள். வைத்ததோடு சரி, அழுத்தக்கூட இல்லை. பஞ்சுவின் முழங்கால் மடிந்தது.

"மெதுவா மடக்கு."

பாதிக்கு மேல் மடங்கவில்லை. அந்தப் பாதியிலேயே கோச்சம்மா பார்த்தாள். மூன்று நகங்கள் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மோதிர விரலின் நகம் மட்டும் நடுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதிகமில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக நகங்களைப் பார்க்கிறவளுக்கு அது போதும்.

பின்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அணியில் இன்னொரு செட்டர் இருந்தாள்; அவள் ஐந்து மாதக் கர்ப்பம், இரண்டு மாதமாக வருவதில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா கோச்?" என்று கேப்டன் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. போன வருடம் இதே கேப்டனுக்குச் சுண்டுவிரல் ஊதியபோது, கோச்சம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்து வந்தாள். அன்று ஒன்றுமில்லை என்று வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

இன்று பெற்ற பெண்ணின் விரலைக் கையில் வைத்துக்கொண்டு கோச்சம்மா நினைத்தது என்ன தெரியுமா? இவளை இப்போது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், தன் மகள் என்றதும் போட்டியைக் கைவிட்டுவிட்டாள் என்று சொல்வார்களே என்றுதான். வேறு யார் மகளாக இருந்தாலும் அந்த விரல் அன்றைக்கே எக்ஸ்ரே மேஜைக்குப் போயிருக்கும். பாரபட்சம் காட்டக் கூடாது என்று பயந்து பயந்து கடைசியில் சொந்த மகளுக்கே பாரபட்சம் காட்டினாள்.

"வீக்கத்துல அப்படித் தெரியுது" என்று கோச்சம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டேப்பை எடுத்தாள்.

கட்டு என்னவோ பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் வியர்வை தங்காமல் மெல்லிய துணிப்பஞ்சு வைத்தாள். மூட்டுக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, மூட்டு மட்டும் மடங்கும்படி திறந்துவிட்டாள். விரல் நுனியை அழுத்தி வெளுக்க வைத்து, விட்டதும் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தாள். திரும்பியது. இறுக்கமில்லை. டேப் இழுத்த இழுப்பில் சாய்ந்த நகம் நடுவிரலோடு ஒட்டி நேராக நின்றது. இனி யார் பார்த்தாலும் அதில் ஒரு குறையும் தெரியாது.

"ஜாம்தான். மூணு வாரம் கட்டோட இரு" என்றாள்.

கட்டி முடிக்கும்வரை பஞ்சு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோச்சம்மா அதைக் கவனிக்கவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது பஞ்சு இடது கையால் கரண்டி பிடித்தாள். அவள் அப்பா எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாத மனிதர். மகளின் கையை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாமே" என்றார்.

"நீங்க கரண்ட் வேலையைப் பாருங்க. இது என் வேலை" என்றாள் கோச்சம்மா.

"என் வேலையில கூட சந்தேகம் வந்தா டெஸ்டர் வெச்சுப் பார்ப்போம்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் தட்டைக் கழுவப் போனார்.

"ரொம்ப வலிக்குதாடி?" என்று கோச்சம்மா கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் பஞ்சு.

மறுநாள் காலையில் விரலின் அடி முழுக்க ஊதா நிறம் பரவி உள்ளங்கை வரை இறங்கியிருந்தது. அதையும் கோச்சம்மா பார்த்தாள். அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். சமாதானம் தேடுகிறவளுக்குச் சமாதானம் கிடைக்காமலா போகும்.

போட்டியில் பஞ்சு மூன்று நாளும் ஆடினாள். இடைவேளைகளில் கையை ஐஸில் வைத்தாள். அரையிறுதியில் இன்னொரு பந்து அதே விரலில் பட்டபோது முகம் வெளிறி, வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நின்றாள். கோச்சம்மா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். பஞ்சு திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு இடத்துக்குப் போனாள். கோச்சம்மா உட்கார்ந்துவிட்டாள். இறுதிப் போட்டியில் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். கடைசிப் பந்து பஞ்சு தூக்கியது. அது சுழன்று போயிற்று. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையோடு அவ்வளவு ஆடியதே பெரிது என்று கேப்டன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்புறம் இரண்டு வாரம் பயிற்சிக்கு விடுமுறை. குளித்ததும் பஞ்சு தானே பழைய டேப்பைப் பிரித்துப் புது டேப் சுற்றிக்கொண்டாள். வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கோச்சம்மா கட்டைப் பார்த்தாள், நிறத்தைப் பார்த்தாள், விரலை மட்டும் கட்டில்லாமல் பார்க்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, தினமும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள்.

பதினேழாவது நாள் காலை பஞ்சு சமையலறையில் டேப்பைப் பிரித்துவிட்டுத் தண்ணீர் ஜாடியைத் தூக்கப் போனாள். பிடி சரியாக விழவில்லை. ஜாடியை வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, விரல்களை மெதுவாக மடக்கினாள். விறைத்துப்போன விரல் முக்கால்வாசி மடங்கியது. மடங்கிய மோதிர விரல் நடுவிரலுக்கு அடியில் புகுந்து, அதன் மேல் நடுவிரல் ஏறிப் படுத்துக்கொண்டது. அப்பாதான் முதலில் பார்த்தார். அவர் கையிலிருந்த டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

கோச்சம்மா வந்து பார்த்தாள். "கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கைகளுக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். கரகரத்த குரல், நிதானமான ஆள். முதலில் எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படம் எடுப்பவர் பஞ்சுவின் கையைத் தட்டின் மேல் ஒரு முறை தட்டையாக, ஒரு முறை பக்கவாட்டில், ஒரு முறை சாய்வாக வைத்து மூன்று படம் எடுத்தார். திரையில் அது தெளிவாகத் தெரிந்தது. மோதிர விரலின் அடி எலும்பில் ஒரு கோடு, முறுக்கிப் பிழிந்த துணியின் மடிப்பு மாதிரி சுற்றிக்கொண்டு மேலே போனது.

"அடி எலும்பு முறுக்கி உடைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "மேல் பாதி திரும்பி நிக்குது. அதனாலதான் மடக்கினா பக்கத்து விரலுக்கு அடியில போகுது. என்னைக்கு அடிபட்டுச்சு?"

"பதினேழு நாள் ஆச்சு" என்றாள் பஞ்சு.

டாக்டர் கழற்றி வைத்திருந்த டேப்பைப் பார்த்தார். "கட்டு நல்லாத்தான் போட்டிருக்காங்க. சுளுக்குக்கு இது சரியான வைத்தியம். திரும்பின எலும்புக்கு இது போதாது. போதாதுங்கறது மட்டுமில்ல, திரும்பியிருக்கறதையே மறைச்சிடும்." அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. அதுதான் கோச்சம்மாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "கட்டறதுக்கு முன்னாடி விரலை மடக்கி, நகம் நேரா இருக்கான்னு யாராவது பார்த்தாங்களா?"

பஞ்சு உடனே பதில் சொன்னாள். "பார்த்தாங்க டாக்டர். நேராத்தான் இருந்துச்சு."

கோச்சம்மா மகளைப் பார்த்தாள். பஞ்சு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பரவாயில்ல" என்றார் டாக்டர். "முதல்ல நேரா இருந்து, அப்புறம் ஆடினதுல நழுவியிருக்குன்னா, இந்த நிலையில ஒட்ட ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகியிருக்காது. மயக்கம் குடுத்து, திறக்காமலே வெளியிலிருந்து திருப்பி, மெல்லிசான கம்பி ரெண்டு சொருகிப் பார்க்கலாம். தழும்பும் இருக்காது, தசைநார் எலும்போட ஒட்டிக்கற தொந்தரவும் குறைவு. விளையாடற பொண்ணு வேற." அவர் அட்டையில் எழுதத் தொடங்கினார்.

"இல்லன்னா?" என்று அப்பா கேட்டார்.

"முதல் நாள்லேர்ந்தே திரும்பி இருந்தா கதை வேற. பதினேழு நாளா அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கும். வெளியிலிருந்து மல்லுக்கட்டினா வீணா விரல் நசுங்கறதுதான் மிச்சம். நேரா திறந்து, ஒட்டினதைப் பிரிச்சு, நேரா வெச்சு ஸ்க்ரூ போடணும். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா எலும்பையே அறுக்க வேண்டி வந்திருக்கும்."

பேனா அட்டையின் மேல் ஓடியது. கோச்சம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மகள் தனக்காகத் திறந்து வைத்த கதவு அப்படியே இருந்தது, பேசாமல் வெளியே போய்விடலாம். அந்த விரலுக்குள் ஒரு தப்பான கணக்கோடு ஒருவர் கம்பி சொருகப் போகிறார், அவ்வளவுதான். அப்பா அவளைப் பார்க்கவில்லை, மகளும் பார்க்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"டாக்டர், அதை எழுதாதீங்க" என்றாள்.

பேனா நின்றது.

"கட்டினது நான்தான். நான்தான் இவங்க அணிக்குக் கோச். முதல் நாளே நகம் சாஞ்சிருந்துச்சு. நடுவிரல் பக்கமா. எலும்பு மேல தொட்டதுக்கே இவளுக்குக் கால் மடிஞ்சுது. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கட்டினேன்."

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். "சொன்னது நல்லது" என்றார். "அப்ப திறந்துதான் பண்ணணும். நாளைக்கு மறுநாள் வெச்சுக்கலாம். உண்மையைச் சொல்லிடறேன், எலும்பு நேராயிடும். விரல் பழையபடி முழுசா மடங்குமாங்கறதை நான் இப்ப சொல்ல முடியாது. அன்னைக்கே வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

வெளியே தாழ்வாரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அப்பா ஆபரேஷன் விவரம் கேட்கக் கவுண்டருக்குப் போனார். போகும்போது மனைவியின் தோளைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. பஞ்சு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் அறையில் வைத்துக் கட்டிய தாங்குபட்டை வலது கையில் இருந்தது. கோச்சம்மா பக்கத்து நாற்காலியில் உட்காராமல், ஒன்று விட்டு உட்கார்ந்தாள்.

"உள்ள எதுக்குப் பொய் சொன்னே?" என்று கேட்டாள்.

"நீ சொல்வியான்னு தெரியல" என்றாள் பஞ்சு. "சொல்லலைன்னா உனக்கு அசிங்கமா போயிடக் கூடாதுன்னு நானே முந்திக்கிட்டேன். டாக்டர் அதை வெச்சு ஆபரேஷனையே மாத்துவார்னு எனக்குத் தெரியாதும்மா."

"நேரா இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நீயும் கையைப் பார்த்தியா?"

"நான் கையை எதுக்குப் பார்க்கணும்? உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். உடைஞ்சிருக்கா இல்லையான்னு உன் மூஞ்சியிலதான் தெரியும். கேப்டனுக்கு அடிபட்டப்பவும் அப்படித்தான் பார்த்தேன்." அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஒரு செகண்டு உன் மூஞ்சி மாறுச்சு. சரி, உடைஞ்சிடுச்சு, எக்ஸ்ரேக்குப் போகப் போறோம்னு நினைச்சேன். அப்புறம் நீ பின்னாடி திரும்பி அவங்களையெல்லாம் பார்த்தே. டேப்பை எடுத்தே."

கோச்சம்மா மகளின் கையில் இருந்த தாங்குபட்டையைப் பார்த்தாள்.

"அப்பக்கூட நான் தப்பா நினைக்கலம்மா. அம்மாவே கட்டறாங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நினைச்சேன். ராத்திரியெல்லாம் வலிச்சப்பவும் அதையேதான் நினைச்சுக்கிட்டேன்."

"என்னை மன்னிச்சிடுடி" என்றாள் கோச்சம்மா. வாழ்க்கையில் யாரிடமும் இதைச் சொல்லிப் பழக்கமில்லாததால் வார்த்தை மொட்டையாக வந்து விழுந்தது. கண்ணீர் வந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

பஞ்சு இடது கையை நீட்டி நடுவில் இருந்த காலி நாற்காலியின் மேல் வைத்தாள். கோச்சம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு மன்னித்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவு நல்ல பெண். ஆனால் அடுத்து அவள் சொன்னது வேறு.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்மா. இனிமே என் கையை நீ பார்க்க வேணாம். கட்டு மாத்தறது, விரலுக்குப் பயிற்சி, எல்லாத்துக்கும் அப்பா என்கூட உள்ள வரட்டும். நீ பக்கத்துல இருந்தா நான் மறுபடியும் உன் மூஞ்சியைத்தான் பார்ப்பேன். வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் இந்த விரல் தேறாது."

கோச்சம்மா தலையாட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடி நடந்தது. மூன்று குட்டி ஸ்க்ரூ வைத்தார்கள். எலும்பு நேராக நின்றது, நகங்கள் நாலும் ஒரே பக்கம் பார்த்தன. ஆனால் தையலுக்கு அடியில் தசைநார் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துப்போயிற்று. அதை மடக்கிப் பழக்குவதற்கு வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள். பயிற்சி அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தை ஒட்டி இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. கோச்சம்மா ஒரு நாள் தவறாமல் வந்து அதில் உட்கார்ந்தாள். அணிக்கு இரண்டு மாதம் வேறு ஒரு கோச்சை ஏற்பாடு செய்திருந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். முதல் வருடம் வாசலில் நின்று பேசிய அந்த அம்மாவுக்கும் செய்தி எட்டியிருக்கும். கோச்சம்மா அதைப் பற்றி இப்போது கவலைப்படவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை. உள்ளே பஞ்சுவின் கையை உருக்கிய மெழுகுத் தொட்டியில் முக்கிச் சூடுபடுத்திய பிறகு, பிசியோதெரபி செய்யும் பெண் விரலை மூட்டு மூட்டாக மடக்கத் தொடங்கினாள். அவள் எண்ணுவது கதவு வழியாகக் கேட்டது. பத்து எண்ணும்வரை பிடித்து வைத்திருந்துவிட்டு விடுவாள். மறுபடியும் பத்து.

"இன்னும் கொஞ்சம். வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள் பஞ்சு. அப்புறம் சத்தமாக, "வலிக்குது, நிறுத்துங்க, வலிக்குது" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். சின்ன வயதில் அழுத மாதிரி, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதாள். "சரிடா, சரிடா கண்ணு" என்று அப்பாவின் குரல் கேட்டது.

கோச்சம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை. கைப்பிடி மேல் கை வைத்தாள். மகள் அழுது அவள் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. உள்ளே அழுகை நிற்கவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டு மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.